எண்பது நாள் மிச்சமிருந்த பத்திரம்

நாலுவிடை அக்கா என்று அவருக்குப் பெயர் வைத்தவன் நான்தான். அதனால் அவரைப் பற்றி எழுதுகிற பாவமும் என் தலையிலேயே விழுந்திருக்கிறது. வேறு யார் எழுதினாலும் நல்லவர், நேர்மையானவர் என்று நாலு வரியில் முடித்துவிடுவார்கள். நேர்மையைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்களுடையது தேர்வு நடத்துகிற அலுவலகம். பாங்கிலும் முதலீட்டு நிறுவனங்களிலும் பங்கு, பத்திரம் விற்கிறவர்கள் எங்கள் தேர்வில் தேறினால்தான் உரிமம். நூறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, அறுபது சதவீதம் வாங்கினால் தேர்ச்சி. தேர்வு முடிந்ததும் தற்காலிக மதிப்பெண்ணையும் விடைப் பட்டியலையும் வெளியிடுவோம். ஏழு நாளுக்குள் யார் வேண்டுமானாலும் இந்த விடை தப்பு என்று ஆட்சேபம் எழுதலாம். அதையெல்லாம் வாங்கி, பிரித்து, கேள்வி எழுதியவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது ஆட்சேபப் பிரிவின் வேலை. பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு இரும்பு அலமாரி, நான்.

அக்கா எங்களுக்கு நிதிச் சந்தைப் பகுதிக்கான கேள்விகளை எழுதிக் கொடுத்தவர். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் ஒரு பாங்கின் கருவூலப் பிரிவில், வாங்கல் விற்றலைச் சரிபார்க்கிற பின்னறையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே போய்விட்டார். பிள்ளை குட்டி கிடையாது. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, அறைக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் குழாய்கள். ஒரு தடவை கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசை முழுக்கச் சின்னச் சின்ன அட்டைகள். ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி. எழுதி முடித்ததும் அதை ஒரு வாரம் கவிழ்த்து வைப்பாராம். பிறகு திருப்பிப் பார்த்து, தனக்கே பதில் சொல்லத் தயக்கமாக இருந்தால் கிழித்துப் போட்டுவிடுவாராம்.

சரியான விடையைவிட மற்ற மூன்று விடைகளுக்குத்தான் அவர் அதிகம் மெனக்கெடுவார். யாராவது ஒருத்தர் நிஜமாகவே நம்புகிற தப்பாக அது இருக்க வேண்டும், சும்மா இடத்தை அடைக்கிற தப்பாக இருக்கக் கூடாது என்பார். பதினான்கு வருஷத்தில் அவர் எழுதிய ஒரு கேள்வியைக்கூட நாங்கள் நீக்கியதில்லை. ஆட்சேபம் வரும், அவர் பதில் எழுதுவார், எதிராளி வாயடைத்துப் போவார். எங்கள் தேர்வுக் குழுத் தலைவர் வெளியூர்க் கூட்டங்களில் இதைத் தன் சாதனை போலச் சொல்லிக்கொள்வார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

கேள்வி எழுதுகிறவர் யாருக்கும் பாடம் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று எங்களிடம் ஒரு விதி. வேலையை விட்ட பிறகும் இரண்டு வருஷம் கூடாது. அக்கா அதில் கையெழுத்துப் போட்டவர். ஆனால் அவர் பிறவி வாத்தியார். யாராவது ஏதாவது கேட்டுவிட மாட்டார்களா என்று முகம் ஏங்கும். மாதம் நாலைந்து தடவை அலுவலகத்துக்கு வருவார், சாப்பாட்டு அறையில் கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அவரோடு பேசினால் ஏதாவது வம்பு வருமோ என்று யாரும் பக்கத்தில் போக மாட்டார்கள். நான் போவேன். எனக்கு அவரைப் பிடிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் தங்கச்சி.

தங்கச்சிக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. ஒரு பாங்குக் கிளையில் கவுன்டரில் இருந்தாள், ஒப்பந்த வேலை. உரிமம் வாங்கினால் நிரந்தரம், மூன்று தடவைக்குள் வாங்காவிட்டால் ஒப்பந்தம் முடிகிற அன்றே வீட்டுக்கு. மச்சான் இடுப்பில் அடிபட்டு இரண்டு வருஷமாகப் படுக்கையும் நாற்காலியுமாக இருந்தார். ஒரு பெண் குழந்தை, ஆறு வயது. அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது தங்கச்சியின் சம்பளத்தில்தான். அவள் இரண்டு தடவை தோற்றிருந்தாள். இது மூன்றாவது.

வீட்டு ஆள் தேர்வு எழுதினால் நான் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் அந்தப் பருவம் முடிகிறவரை என்னை ஆட்சேபப் பிரிவிலிருந்து வேறு அறைக்கு மாற்றுவார்கள், அவ்வளவுதான், தலை போகிற விஷயமில்லை. ஆனால் முதல் தடவை அவள் எழுதியபோது சோம்பலில் விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை சொன்னால் முதல் தடவை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று விட்டேன். மூன்றாவது தடவை கேட்கவே வேண்டாம். முதல் கோணல் முற்றும் கோணல்.

தங்கச்சி தோற்றது முக்கால்வாசி நிதிச் சந்தைப் பகுதியில். அவள் தலையில் எப்படியோ ஒரு முடிச்சு விழுந்திருந்தது. குறுகிய காலப் பணம் புழங்குவது பணச்சந்தை, நீண்ட காலப் பணம் திரட்டுவது மூலதனச் சந்தை, அதுவரை சரி. ஆனால் நீண்டது என்றால் முதல்நிலைச் சந்தை, குறுகியது என்றால் இரண்டாம்நிலைச் சந்தை என்று இரண்டையும் சேர்த்து ஒரே கயிறாக முறுக்கி வைத்திருந்தாள். தொண்ணூற்றொரு நாள் கடன் சீட்டான கருவூல உண்டியலை அரசாங்கம் ஏலத்தில் விற்கிறது என்று கேள்வி வந்தால், குறுகியதுதானே, இரண்டாம்நிலை என்று எழுதிவிட்டு வருவாள்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நான் எனக்கே சந்தேகம் போல இதை அக்காவிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தார். முகம் அப்படியே மலர்ந்தது.

“இது ரெண்டு தனித்தனிக் கேள்வி தம்பி, ஒண்ணோட ஒண்ணு சேராது,” என்றார். “அந்தப் பேப்பரோட ஆயுசு எவ்வளவு? ஒரு வருஷத்துக்குள்ளன்னா பணச்சந்தை, அதுக்கு மேலன்னா மூலதனச் சந்தை. அது ஒரு கேள்வி. அதை வித்தது யாரு? வெளியிட்டவங்களே வித்து, பணம் அவங்க கைக்கே போச்சுன்னா முதல்நிலை. ஏற்கெனவே வச்சிருந்தவன் இன்னொருத்தனுக்கு வித்தா இரண்டாம்நிலை. அதுல கம்பெனிக்கோ அரசாங்கத்துக்கோ ஒரு பைசா போகாது.”

கம்பெனி புதுசாகப் பங்கு வெளியிட்டு நாம் விண்ணப்பம் போட்டு வாங்கினால் மூலதனச் சந்தை, முதல்நிலை. அதே பங்கை மறுமாசம் புரோக்கர் வழியாக இன்னொருத்தரிடம் வாங்கினால் மூலதனச் சந்தை, இரண்டாம்நிலை. கருவூல உண்டியல் ஏலம் பணச்சந்தை, முதல்நிலை. அதை ஒரு பாங்கு இன்னொரு பாங்குக்கு விற்றால் பணச்சந்தை, இரண்டாம்நிலை. இப்படி மேசையில் உப்பு டப்பாவையும் டம்ளரையும் நகர்த்தி நகர்த்திக் காட்டினார். எனக்கே புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தோடு நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. பத்து வருஷக் கடன் பத்திரம் ஒன்று முடிய மூன்று மாசம்தான் இருக்கிறது, அப்போது அது குறுகியதா நீண்டதா என்று கேட்டேன். இதுவும் தங்கச்சி கேட்டதுதான். அக்கா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“பத்து வருஷப் பேப்பர்னு பொறந்தது கடைசி நாள் வரைக்கும் பத்து வருஷப் பேப்பர்தான். கிழவனுக்கு நாள் கொஞ்சம்தான் மிச்சம்னு அவனைக் குழந்தைன்னு சொல்லிடுவோமா?”

அன்றைக்கே அதைத் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். மச்சான் நாற்காலியிலிருந்து, அந்தக் கிழவன் நான்தானா என்று கேட்டார். மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டே வெகுநாள் ஆகியிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், கேள்வித்தாளை நான் பார்த்ததில்லை. அது முத்திரை வைத்த உறையில் வரும், முத்திரையோடு போகும். ஆனால் தேர்வு முடிந்த பிறகு வெளியான தாளில் அறுபத்தேழாவது கேள்வி இப்படி இருந்தது: முடிய எண்பது நாள் மிச்சமிருக்கும் பத்து வருஷ அரசுக் கடன் பத்திரம் ஒன்றை ஒரு பாங்கு மற்றொரு பாங்கிடமிருந்து வாங்குகிறது, இது எந்தச் சந்தையில் நடந்த வியாபாரம்? ‘ஆ’ பணச்சந்தை, இரண்டாம்நிலை. ‘ஈ’ மூலதனச் சந்தை, இரண்டாம்நிலை. மற்ற இரண்டும் முதல்நிலை. அக்கா கொடுத்த விடை ‘ஈ’.

தங்கச்சி ‘ஈ’ போட்டிருந்தாள். அவளுடைய தற்காலிக மதிப்பெண் சரியாக அறுபது. போனில் அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். கிளை மேலாளர் கைகொடுத்தாராம். மச்சானுக்குப் புது மெத்தை வாங்க வேண்டும் என்றாள். நான் இறுதி முடிவு வரட்டும் என்று ஒப்புக்குச் சொன்னேன். அறுபது அறுபதுதானே என்று எனக்கும் உள்ளுக்குள் நிம்மதி.

ஐந்தாம் நாள் ஆட்சேபம் வந்தது. எழுதியவன் ஒரு பாங்கின் கருவூலப் பிரிவில் வேலை பார்க்கிறவன். பாடப்புத்தகத்தில் “ஓராண்டுக்குள் முதிர்ச்சியடையும் கருவிகள் பணச்சந்தையைச் சேர்ந்தவை” என்று இருக்கிறது. வெளியிட்ட நாளிலிருந்து ஓராண்டா, இன்றிலிருந்து ஓராண்டா என்று புத்தகம் சொல்லவில்லை. எங்கள் பாங்கில் பத்திரத்துக்கு ஒரு வருஷத்துக்குக் குறைவாக மிச்சமிருந்தால் அதன் கோப்பைப் பணச்சந்தை மேசைக்கு மாற்றிவிடுவோம். ஆகவே ‘ஆ’ என்பதும் சரியே. இதுதான் கடிதத்தின் சாரம்.

அக்காவை வரவழைத்துக் கடிதத்தைக் கொடுத்தேன். வழக்கமாக அவர் நின்றுகொண்டே படித்து, நின்றுகொண்டே பதிலைச் சொல்வார். அன்றைக்கு உட்கார்ந்துவிட்டார். இரண்டு தடவை படித்தார்.

“அந்தக் கோப்பை நானே தூக்கிட்டுப் போயிருக்கேன் தம்பி,” என்றார். “இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு. இருபத்திரண்டு வருஷம்.”

கையால் செய்ததை மறந்துவிட்டு, புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி எழுதியிருக்கிறார். அதுவும் அவர் மனதில் இருந்த புத்தகம், அச்சில் இருந்த புத்தகம் இல்லை. வெளியிட்ட நாளிலிருந்து என்று அதில் இருப்பதாகவே பதினான்கு வருஷமாக நினைத்திருக்கிறார். எடுத்துப் பார்த்தால் அந்தச் சொற்களே இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

எங்கள் விதிப்படி மூன்று வழிதான். விடை நிற்கலாம், விடையை மாற்றலாம், கேள்வியை நீக்கலாம். இரண்டு விடைக்கும் மதிப்பெண் என்ற பேச்சே கிடையாது. தலைவர், இப்போதைய விடையே நிற்கட்டும் என்றார். ஒரே ஒரு ஆட்சேபம், அதற்கும் ஏதாவது பதில் எழுதிவிடலாம், இத்தனை வருஷத்துப் பெயரை ஏன் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்றார். ‘ஆ’ என்று மாற்றவும் அக்கா சம்மதிக்கவில்லை, அதுவும் பாதி நியாயம்தான் என்றார். கேள்வியே ஊனம், நீக்கத்தான் வேண்டும் என்பது அவர் முடிவு. அதற்கான படிவத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

படிவத்தைத் தயார் செய்வதற்கு முன் நான் பட்டியலை எடுத்துக் கணக்குப் போட்டேன். கேள்வி நீங்கினால் தாள் தொண்ணூற்றொன்பது கேள்வியாகிவிடும். அதில் அறுபது சதவீதம் ஐம்பத்தொன்பது புள்ளி நான்கு. பாதி மதிப்பெண் எங்களிடம் கிடையாது, ஆகவே தேற அறுபது வேண்டும். ‘ஆ’ போட்டு ஐம்பத்தொன்பது வாங்கியவனுக்கு அதே ஐம்பத்தொன்பதுதான், அவன் முன்பும் தோல்வி, பின்பும் தோல்வி. ஆட்சேபம் எழுதியவனே அந்த ரகம்தான். ஆனால் ‘ஈ’ போட்டுச் சரியாக அறுபது வாங்கியவருக்கு ஒன்று குறைந்து ஐம்பத்தொன்பதாகும். அப்படிப் பதினொரு பேர். அதில் ஏழாவது எண் என் தங்கச்சியுடையது.

கேள்வியை நீக்கினால் ஒருத்தரும் கூடுதலாகத் தேறப் போவதில்லை, பதினொரு பேர் கூடுதலாகத் தோற்கப் போகிறார்கள். அதை ஒரு தாளில் எழுதி அக்காவின் முன் வைத்தேன். அவர் தன் பேனாவால் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். கணக்கில் தப்பு இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன், என் கணக்கிலேயே. தப்பு இல்லை.

அவர் பேனாவை மேசையில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில் ஆட்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இந்தப் பதினொரு பேர்ல யாரையாவது உனக்குத் தெரியுமா?”

அதுதான் நேரம். தெரியும் அக்கா, என் தங்கச்சி என்று நாலு வார்த்தை. நான் நினைத்ததெல்லாம் வேறு. தங்கச்சி தேர்வு எழுதியதை மறைத்தவன் நான். கேள்வி எழுதியவர் வாயிலிருந்தே விடையை வாங்கிக்கொண்டு போனவன் நான். வேண்டுமென்றே செய்யவில்லை என்று யார் நம்புவார்கள்? என் வேலையும் போகும், அக்காவும் மாட்டுவார். பதினான்கு வருஷப் பெயர் போய், கேள்வியை விற்றவள் என்ற பெயர் வரும். இத்தனையும் ஒரே மூச்சில் தலைக்குள் ஓடியது. உண்மையைச் சொல்வதென்றால் அக்காவைப் பற்றிய கவலை கடைசியாகத்தான் வந்தது.

“இல்லக்கா,” என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். அழுத்தமாக, நிறுத்தி நிதானமாக, எப்போதும் போல.

இறுதி முடிவு வந்த இரண்டாம் நாள் தங்கச்சி என்னிடம் சொல்லாமல் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். முன்கவுன்டரில் நின்று, தேர்ச்சி என்று போட்ட தாளையும் தோல்வி என்று போட்ட தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கேள்வி சரியில்லை என்று நீக்கிவிட்டோம் அம்மா என்று கவுன்டர்காரர் விளக்கினார். பின்னால் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார், அன்றைக்குத்தான் அவர் பொறுப்பிலிருந்து விலகும் கடிதத்தைக் கொடுக்க வந்திருந்தார். நான் என் அறைக் கதவிலேயே நின்றுவிட்டேன்.

“அதுல என்ன சரியில்லை?” என்றாள் தங்கச்சி. “கிழவனுக்கு நாள் கொஞ்சம்தான் மிச்சம்னு அவனைக் குழந்தைன்னு சொல்லிடுவோமா?”

அக்கா தலை நிமிர்ந்தார். தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, அப்பா மூக்கு. பிறகு கதவில் நின்ற என்னைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. கடிதத்தைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். நான் பின்னாலேயே ஓடி, தெருவில் அவரைப் பிடித்தேன்.

“நீ சொல்லியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்னு நினைக்கிறியா?” என்றார். “போட்டிருப்பேன். ஆனா நானே உன் தங்கச்சி வீட்டுக்கு வந்து, அவ முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன். என்னை அதுக்குக்கூட விடலையே நீ.”

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நான் இரண்டு தடவை மூன்று மாடி ஏறிப் போனேன். உள்ளே ரேடியோ ஓடியது, கதவு திறக்கவில்லை. பொறுப்பை விட்டாலும் இரண்டு வருஷம் பாடம் சொல்லக் கூடாது என்கிற விதி அவரைக் கட்டிப்போட்டிருந்தது. அதை மீறுகிற ஆளா அவர்? பதினான்காம் மாதம் இதயம் நின்றுபோனது. மேசையில் அட்டைகள் எதுவும் இல்லை என்று வீட்டுச் சொந்தக்காரர் சொன்னார், எல்லாவற்றையும் முன்பே கிழித்துப் போட்டிருந்தாராம். சுடுகாட்டுக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தோம்.

அவர் போவதற்கு முன் குழுவுக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார், பாடப்புத்தகத்தில் அந்த ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்று. போன மாதம் புதுப் பதிப்புக்கு அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்யும் வேலை எனக்கு வந்தது. “வெளியிட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் முதிர்ச்சியடையும் கருவிகள் பணச்சந்தையைச் சேர்ந்தவை, மிச்சமிருக்கும் காலம் கணக்கில் வராது.” குழு அப்படித்தான் முடிவு செய்திருக்கிறது. இனி அந்தக் கேள்வி வந்தால் ‘ஈ’ என்பதே விடை, யாரும் ஆட்சேபம் எழுத முடியாது.

தங்கச்சி இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். பாதிச் சம்பளம், நாள் முழுக்க நிற்க வேண்டும். மச்சான் பழைய மெத்தையில்தான் படுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனபோது புத்தகத்தில் வந்த மாற்றத்தை அவளிடம் சொன்னேன், அக்காவைப் பற்றியும் சொன்னேன், சாப்பாட்டு மேசையிலிருந்து ‘இல்லக்கா’ வரைக்கும் எல்லாம். அவள் கால்வலிக்கு வெந்நீரில் பாதத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். முடித்தபோது வெந்நீர் ஆறியிருந்தது.

“அப்போ நான் போட்டது சரிதான்,” என்றாள்.

சரிதான் என்றேன். அவள் துண்டை எடுத்துக் காலைத் துடைத்துக்கொண்டு, மச்சானுக்கு மாத்திரை கொடுக்க உள்ளே போனாள்.